டர்போ நன்றாகத்தான் இருந்தது: தொப்பூர் ஏற்றத்தில் கரும்புகை விட்ட ஒரு லாரி

இரண்டு அச்சு லாரி, லோடோடு சேர்த்து 16 டன். ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் டீசல் என்ஜின். டர்போவும் இன்டர்கூலரும் உண்டு. டீசல் பம்ப் பழைய இன்லைன் வகை, கம்ப்யூட்டர் கிடையாது. சேலத்திலிருந்து தருமபுரிப் பக்கம் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் தொல்லை. டிரைவர் சொன்னது இவ்வளவுதான்: "மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது சார். மூணாவதுல ஏறுன இடத்துல இப்ப ரெண்டுக்கு இறக்க வேண்டியிருக்கு. புகை வேற, பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியாது." லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டது.

வண்டியின் முன்கதையையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் வழியில் வெடித்து, கிடைத்த இடத்தில் வேறொன்று மாட்டப்பட்டது. சில வாரங்கள் கழித்து இழுவை குறைந்தது. அப்போது ஒரு பட்டறையில் 'பம்பை ஏற்றி' விட்டார்கள், அதாவது கூடுதல் டீசல் போகும்படி திருகிவிட்டார்கள். இழுவை கொஞ்சம் திரும்பியது, கூடவே கரும்புகையும் வந்தது. அடுத்த பட்டறை புகையைப் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்றது. டர்போவுக்குப் பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வண்டி ஆய்வுக்கு வந்தது.

ஒரு கிராம் காற்று

இந்தப் பழுது புரிய வேண்டுமானால் முதலில் ஒரு சிலிண்டர் ஒருமுறை எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த என்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 980 மில்லிலிட்டர். டர்போ இல்லாமல், 35 டிகிரி வெயிலில், பிஸ்டன் தானாகக் கீழே இறங்கி இழுத்தால் வால்வுகளிலும் வளைவுகளிலும் போகும் இழப்பைக் கழித்து, உள்ளே வருவது ஏறத்தாழ ஒரு கிராம் காற்று. சரியாக ஒரு கிராம் என்று அமைந்தது தற்செயல்தான், ஆனால் கணக்குப் போட வசதி.

ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிராம் காற்று போதும் என்பது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள் அந்தக் கணக்கு செல்லாது. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் பெரும்பாலும் முன்னமே கலந்துவிடும். டீசலோ கடைசி நேரத்தில் நாசில் வழியே பீய்ச்சப்படுகிறது. 1500 சுற்றில் ஓடும்போது கிராங்க் ஒரு டிகிரி நகர ஒரு விநாடியில் 9000-ல் ஒரு பங்குதான் ஆகும். பீய்ச்சல் 25 டிகிரி நீடித்தால் மொத்த நேரம் மூன்று மில்லி விநாடிகூட இல்லை. அதற்குள் ஒவ்வொரு துளியும் ஆவியாகி, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தேடிக்கொள்ள வேண்டும். பீய்ச்சலின் ஓரத்தில் இருக்கும் துளிக்குக் காற்று கிடைக்கும், நடுவில் இருப்பதற்குக் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் டீசலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து, கார்பன் மிஞ்சிக் கரியாகத் திரள்கிறது. சைலன்சரில் வரும் கரும்புகை அந்தக் கரிதான்.

அதனால் டீசல் என்ஜினுக்கு எப்போதும் உபரிக் காற்று வேண்டும். இப்படிப்பட்ட லாரி என்ஜினில் டீசலைப் போல் 20 மடங்கு எடைக் காற்று இருந்தால் புகை கண்ணில் படாது. 18-க்குக் கீழே போனால் மெல்லத் தெரியும், 16-ல் பின்னால் வருபவர் திட்டுவார். ஆக, டர்போ இல்லாத என்ஜினில் ஒரு கிராம் காற்றுக்கு 50 மில்லிகிராம் டீசல்தான் வரம்பு. அதற்கு மேல் ஊற்றினால் அதில் ஒரு பங்கு இழுவையாகும், மீதி புகையாகவும் சூடாகவும் போய்விடும்.

டர்போ என்ன செய்கிறது

வெளியேறும் புகைக்காற்றில் இன்னும் சூடும் அழுத்தமும் இருக்கின்றன. அதை வீணாக்காமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற விட்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதே டர்போ. இதற்கான காப்புரிமையை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே பெற்றுவிட்டார். லாரி டர்போவின் தண்டு முழு லோடில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையொட்டிச் சுழலும். அந்த வேகத்தில் பால் பேரிங்கை நம்பாமல், பெரும்பாலான லாரி டர்போக்களில் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் புஷ்தான் வைக்கிறார்கள்.

இந்த என்ஜினில் 1500 சுற்று, முழு லோடில் டர்போவிலிருந்து வெளிவரும் காற்றில் இருக்க வேண்டிய அழுத்தம் வெளிக்காற்றைவிட 1.2 பார் அதிகம். கணக்குக்கு வெளிக்காற்றை 1 பார் என்று வைத்தால் மொத்தம் 2.2 பார். அழுத்தம் 2.2 மடங்கானதால் காற்றும் 2.2 மடங்காகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, அமுக்கினால் காற்று சூடாகும். 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில் 35 டிகிரிக் காற்று 146 டிகிரியாக வெளியே வரும். சூடான காற்று விரியும். அதனால் உண்மையில் கிடைப்பது 1.6 மடங்குதான்.

இன்டர்கூலர் வேலை செய்வது இந்த இடத்தில். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் அந்த அலுமினியப் பெட்டி 146 டிகிரியை 60-க்குக் கொண்டு வருகிறது. உள்ளே ஓடும்போது 0.1 பார் அழுத்தம் இழக்கிறது, ஆனால் குளிர்ந்த காற்று சுருங்குவதால் மொத்தத்தில் லாபம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் கேஜ் 1.1 காட்டும்போது சிலிண்டருக்குள் போவது 1.94 கிராம் காற்று, டர்போ இல்லாததைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு. இதற்குப் பம்ப் கொடுப்பது 90 மில்லிகிராம் டீசல். விகிதம் 21.6. டீசல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியும் புகை இல்லை, காரணம் காற்றும் அதோடு சேர்ந்தே ஏறியிருக்கிறது.

டர்போ வைத்தால் டீசல் மிச்சமாகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். டர்போவே டீசலை மிச்சம் பிடிப்பதில்லை. ஊற்றியது முழுதாக எரிய இடம் கொடுக்கிறது, சிறிய என்ஜினில் பெரிய என்ஜினின் வேலையை வாங்க வைக்கிறது. காற்று குறைந்தால் அந்த ஆதாயம் முழுக்கத் தலைகீழாகிவிடும்.

பம்பில் இருந்த காவல்காரன்

இன்லைன் பம்பின் கவர்னர் பக்கத்தில் வட்டமாக ஒரு டப்பா இருக்கும். மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்குள் வரும். உள்ளே டயாஃப்ரம், அதன் கீழ் ஸ்பிரிங். காற்றழுத்தம் ஏறினால் டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அமுக்கும், அப்போதுதான் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் தண்டை முழுதாக நகர விடும். அழுத்தம் இல்லையென்றால் கூடுதல் டீசலும் இல்லை. பட்டறைகளில் இதைச் 'சனியன் டப்பா' என்று சிலர் திட்டுவதுண்டு, ஏனென்றால் கியர் மாற்றியதும் வண்டி ஒரு கணம் மந்தமாக இருப்பது இதனால்தான். ஆனால் காற்று வருவதற்கு முன் டீசல் போய்க் கரியாகாமல் காப்பதும் இதுதான்.

இந்த லாரியில் முதலில் இழுவை குறைந்தபோது புகை வராததற்கும் இதுவே காரணம். அழுத்தம் குறைந்தது, டப்பா டீசலைக் குறைத்தது, வண்டி சோர்ந்தது. பிறகு டப்பாவின் திருகைத் தளர்த்தி முழு டீசலையும் திறந்துவிட்டார்கள். காற்று வராத பழுது அப்படியே இருக்க, அதை மறைத்து வைத்திருந்த காவலும் போய்விட்டது.

சோதனை

வந்தவுடன் எதையும் கழற்றவில்லை. டப்பாவுக்குப் போகும் குழாயில் ஒரு டீ இணைப்பு போட்டு, நீளமான நைலான் குழாயால் 0 முதல் 2.5 பார் வரையுள்ள கேஜைக் கேபினுக்குள் கொண்டுவந்தோம். நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், பார்ப்பது வீண்வேலை. லோடு இல்லாதபோது எரியும் டீசல் சொற்பம், புகைக்காற்றில் டர்போவைச் சுழற்றும் அளவு சூடு இருக்காது. நல்ல டர்போவும் அப்போது கேஜை அசைக்காது. சரக்கோடு ஏற்றத்தில், 1500 சுற்றில், ஆக்சிலரேட்டர் அடிவரை அழுந்தியிருக்கும்போது எடுத்த அளவே அளவு.

ஏற்றத்தில் கேஜ் 0.6-ல் நின்றது. 1.1 இருக்க வேண்டிய இடம். டர்போவுக்கு முன்னால் புகைக் குழாயில் வைத்த தெர்மோகப்பிள் 740 டிகிரி காட்டியது.

0.6 பாரில் சிலிண்டருக்குள் போனது சுமார் 1.5 கிராம் காற்று. பின்னர் பம்பைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றி அளந்தபோது அதே அழுத்தத்தில் அது 94 மில்லிகிராம் டீசல் கொடுத்தது தெரிந்தது. விகிதம் 16. உபரிக் காற்று பத்து சதவீதம் மட்டுமே. புகைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. சூட்டுக்கும் அதே காரணம்: எரியும் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ள உபரிக் காற்று இல்லாததால் புகைக்காற்று கொதித்துக்கொண்டு வருகிறது. 700-க்கு மேல் நெடுநேரம் ஓட்டினால் புகைக்காற்றுப் பக்க மேனிஃபோல்டு விரிசல் விடும், டர்பைன் கூட்டில் கீறல் வரும், பிஸ்டன் தலையின் ஓரம் உருகத் தொடங்கும்.

காற்று எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. முதலில் ஏர் ஃபில்டர். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் தண்ணீர் மானோமீட்டர் வைத்துப் பார்த்ததில் இழுப்பு 280 மில்லிமீட்டர் தண்ணீர். 600-ஐத் தாண்டினால்தான் ஃபில்டரைக் குற்றம் சொல்லலாம். இது சரி.

பிறகு டர்போ. காற்று வரும் பக்கக் குழாயைக் கழற்றித் தண்டின் மூக்கை விரலால் ஆட்டினால் மேலும் கீழும் லேசாக ஆடும். முந்தைய பட்டறை ஏமாந்தது இங்கேதான் இருக்க வேண்டும். மிதக்கும் புஷ் உள்ள டர்போவில் எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது இந்த ஆட்டம் இயல்பு. ஆட்டியபடியே சக்கரத்தைச் சுழற்றும்போது இறக்கை கூட்டில் உரசுகிறதா என்பதே கேள்வி. உரசவில்லை, கூட்டில் உரசிய பளபளப்பும் இல்லை. முன்னும் பின்னுமாக உள்ள ஆட்டம் வேறு விஷயம், அதற்கு டயல் கேஜ் வேண்டும். 0.07 மில்லிமீட்டர் வந்தது. 0.1-ஐத் தாண்டியிருந்தால் கழற்றியிருப்போம். இறக்கைகளின் முனை கூர்மையாகவே இருந்தது. டர்போவில் குறையில்லை.

புகைக்காற்றுப் பக்கத்தில் கசிந்தாலும் பூஸ்ட் குறையும். அப்படிக் கசியும் இடத்தில் கேஸ்கெட்டை ஒட்டிக் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். இதில் இல்லை.

கடைசியாக அழுத்தச் சோதனை. டர்போவின் காற்று வாயில் ஒரு ரப்பர் மூடியைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு, சங்கிலியால் கட்டினோம். சங்கிலி அலங்காரமில்லை: ஒரு பாரில் கழன்று பறக்கும் மூடி முகத்தில் பட்டால் பல் போகும். என்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி வைத்தோம், டர்போ சீல் வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் கசியும் சிறிது காற்று கிராங்க் கேஸை ஊதாமல் இருக்க. பிறகு ரெகுலேட்டர் வழியாக மெதுவாகக் காற்று விட்டு, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தோம்.

0.3 பாரில் ஒன்றும் இல்லை. அந்த அழுத்தத்தில் நிறுத்தியிருந்தால் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்திருப்போம். 0.8-ஐத் தொட்டதும் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒரு விரல் தள்ளி, சீறல் கேட்டது. கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தால் மீன் செவுள் திறப்பதுபோல ரப்பர் ஓர் உதடாகப் பிரிந்து நின்றது. 30 மில்லிமீட்டர் நீளம், அழுத்தத்தில் 4 மில்லிமீட்டர் அகலம். காற்றை நிறுத்தியதும் உதடு மூடிக்கொண்டது, மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதுபோல இருந்தது. ஹோஸுக்கு நேர் கீழே சேஸிஸில் எண்ணெய்ப் பசையுள்ள புழுதி விசிறிபோலப் படிந்திருந்ததை முதல் நாளே கவனித்திருக்கலாம்.

அந்தக் கீறல் முழு அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ காற்றை வெளியே விடும். 1500 சுற்றில் என்ஜினுக்கு வேண்டியதே 8.7 கிலோதான். கிட்டத்தட்டக் கால் பங்கு. ஆனால் பூஸ்ட் பாதியாகக் குறைந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. சிலிண்டருக்குக் காற்று குறைந்தால் வெளியேறும் புகைக்காற்றும் குறையும், டர்போவை உந்துவது குறையும், அடுத்த சுற்றில் வரும் காற்று இன்னும் குறையும். கசிவு தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் பழுது இது.

ஹோஸ் ஏன் கிழிந்தது

கழற்றிய ஹோஸ் ரேடியேட்டர் ஹோஸ். வழியில் வெடித்தபோது விட்டம் பொருந்திய ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அது சுடுதண்ணீருக்கென்று செய்த ரப்பர், 146 டிகிரிக் காற்றை நெடுநாள் தாங்காது. அதைவிட மோசம், அந்த வகை ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. டர்போ சீல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மெல்லிய எண்ணெய்ப் பசை காற்றோடு வரும், அது இயல்பு. அந்தப் பசையில் ஊறி உள்சுவர் உப்பி, விரலால் அழுத்தினால் பழுத்த வாழைப்பழம்போல அமுங்கியது. மேல்புறம் கெட்டியாக இருந்ததால் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது.

போட வேண்டியது துணி அடுக்குள்ள சிலிக்கான் ஹோஸ், அதிலும் உட்பக்கம் எண்ணெய் தாங்கும் பூச்சு உள்ளது. வெறும் சிலிக்கானும் நாளடைவில் எண்ணெயை உறிஞ்சி வியர்க்கும். கிளாம்ப் ஒரே அகலப் பட்டையுள்ள டி-போல்ட் வகை. துளையிட்ட பட்டையுள்ள வார்ம் கிளாம்ப் மென்மையான சிலிக்கானை அந்தத் துளைகள் வழியே அறுக்கும். குழாயின் விளிம்பில் இருந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டே மாட்டினோம், எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பூஸ்டில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இன்டர்கூலரையும் தனியே சோதித்தோம். இரு வாயையும் அடைத்து 2 பார் ஏற்றி, வால்வை மூடி 15 விநாடி பார்க்க வேண்டும். அரை பாருக்குள் இறங்கினால் பயன்படுத்தலாம். அதில் ஒரு துளியும் கசியக் கூடாது என்று மாற்றுபவர்கள் காசை வீணாக்குகிறார்கள். இது இறங்கியது 0.2 பார்.

பம்பைத் திருப்பி வைத்தது

ஹோஸை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தாலும் முழு லோடில் புகை அடங்கியிருக்கும். ஆனால் டப்பா திறந்தே கிடந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும், டர்போ வேகம் பிடிக்கும் வரை, கரி கக்கும். அந்தக் கரி எண்ணெயில் கலந்து எண்ணெயைக் கெட்டிப்படுத்தும், அதே எண்ணெய்தான் டர்போ புஷ்ஷுக்கும் போகிறது. பம்பைப் பெஞ்சில் ஏற்றி, 1.1 பாரில் 90 மில்லிகிராம், 0.6 பாரில் 72 மில்லிகிராம் என்று வைத்துத் திருகுக்கு ஈய முத்திரை போட்டோம். ஹோஸ் இன்னொருமுறை கிழிந்து பூஸ்ட் 0.6-க்கு இறங்கினாலும் விகிதம் 20-க்கு மேலேயே நிற்கும்: வண்டி சோர்ந்து போகும், புகையாது.

அதே ஏற்றம், அதே எடை. கேஜ் 1.1, புகைக்காற்று 610 டிகிரி, கியர் மூன்று. எண்ணெயை மாற்றினோம், ஏனென்றால் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில் தொட்டால் விரலில் மை போல ஒட்டியது.

இதே பழுது காமன் ரெயில் வண்டியில் வந்தால் முகம் வேறாக இருக்கும். அங்கே டப்பாவின் வேலையை மேனிஃபோல்டில் உள்ள பூஸ்ட் சென்சாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. எதிர்பார்த்த அழுத்தம் வராவிட்டால் டீசலைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கை எரியவிடும். ஸ்கேனரில் பெரும்பாலும் `P0299` என்று வரும். அந்தக் குறியீடு சொல்வது பூஸ்ட் குறைவு என்பதை மட்டும்தான், டர்போ கெட்டது என்பதை அல்ல. அதைப் படித்துவிட்டு நேராக டர்போ மாற்றுகிறவர்களும் உண்டு. அங்கேயும் ரப்பர் மூடி, சோப்புத் தண்ணீர், 0.8 பாருக்கு மேல் என்ற அதே வரிசைதான்.

வண்டியை எடுத்துப் போகும்போது கியர் மாற்றியதும் இன்னும் ஒரு இழை புகை வருகிறதே என்று உரிமையாளர் கேட்டார். மிதித்த கணத்துக்கும் டர்போ வேகம் பிடிக்கும் கணத்துக்கும் நடுவில் உள்ள அரை, முக்கால் விநாடிப் புகை அது, பழைய பம்பில் அதை முழுதாக ஒழிக்க முடியாது. எண்ணி மூன்றுக்குள் மறைந்தால் சரி. கேஜைக் கழற்றவில்லை, டேஷ்போர்டில் திருகியே கொடுத்தோம். ஊசி 1.0-க்கு மேல் ஏற மறுத்தால் பம்பைத் தொடாமல் முதலில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியாயிற்று.